நெடுவரிசையை அழித்ததும் #REF!, மணியை ஒட்டியதும் #VALUE!: சம்பள ஷீட்டை மீட்பது எப்படி?

கேள்வி: “சின்ன கான்ட்ராக்டர் கம்பெனியில் ஆபீஸ் வேலை. 43 பேருக்குச் சம்பள ஷீட் போடுவது என் பொறுப்பு. Master ஷீட்டில் பாஸ்போர்ட் எண் இருந்த D நெடுவரிசை தேவையில்லை என்று அழித்தேன். இந்த மாதம் யாரும் முன்பணம் வாங்காததால் மாத ஷீட்டில் H நெடுவரிசையையும் அழித்தேன். இப்போது போக்குவரத்துப் படியும் கையில் தரும் தொகையும் #REF! என்று வருகிறது. சூப்பர்வைசர் அனுப்பிய ஓவர்டைம் மணியை ஒட்டியதும் சிலருக்கு மட்டும் #VALUE!. சேவ் செய்து மூடியும்விட்டேன். VLOOKUP-இல் 6 என்று இருப்பதை 5 ஆக்கினால் படி சரியாக வருகிறது. அப்படியே கீழே இழுத்துவிடலாமா? வெள்ளிக்கிழமை சம்பளம்.” கூடவே இரண்டு ஃபார்முலாக்களையும் போட்டிருக்கிறார்:

```
=VLOOKUP(A2,Master!A:E,6,FALSE)
=C2+D2+E2+G2-#REF!
```

இழுத்துவிடாதீர்கள். 5 என்று மாற்றினால் போக்குவரத்துப் படி சரியாக வரும், உண்மைதான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் உணவுப் படி நெடுவரிசையைப் பாருங்கள். அது பெரும்பாலும் ஏற்கெனவே 5 என்றுதான் எழுதப்பட்டிருக்கும். நீங்கள் D-யை அழித்த நொடியிலிருந்து அந்த 5 உணவுப் படியைக் கொண்டுவரவில்லை, போக்குவரத்துப் படியைக் கொண்டுவருகிறது. அங்கே எந்தப் பிழையும் தெரியாது. ஒழுங்கான ஒரு எண்தான் உட்கார்ந்திருக்கும். பதினெட்டு வருடமாகச் சின்ன கம்பெனிகளுக்குக் கணக்கும் சம்பளமும் பார்த்து வருகிறேன். இந்த மாதிரி ஷீட்டில் எனக்குக் கவலை தருவது #REF! என்று கத்துகிற செல் இல்லை, அதற்குப் பக்கத்தில் தப்பான எண்ணோடு அமைதியாக இருக்கிற செல்தான்.

உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட இரண்டு ஃபார்முலாக்களை வைத்து #REF! பற்றி உறுதியாகச் சொல்ல முடிகிறது. Master ஷீட்டில் A-யில் தொழிலாளி எண், B-யில் பெயர், C-யில் அடிப்படைச் சம்பளம், D-யில் பாஸ்போர்ட் எண், E-யில் உணவுப் படி, F-இல் போக்குவரத்துப் படி என்று இருந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் வரிசை வேறு மாதிரி இருந்தால் எழுத்துகள் மாறும், வழி மாறாது. #VALUE! விஷயத்தில் காரணம் இரண்டு மூன்றில் ஒன்றாக இருக்கும். எது என்று நீங்களே பார்த்துக் கண்டுபிடிக்கும் முறையைச் சொல்கிறேன்.

முதலில் VLOOKUP எப்படி எண்ணுகிறது என்று பார்ப்போம். நீங்கள் எழுதும்போது அது `Master!A:F` என்றுதான் இருந்திருக்கும். D-யை அழித்ததும் எக்செல் அதைத் தானாகவே `A:E` என்று சுருக்கிக்கொண்டது. ஆறு நெடுவரிசை ஐந்தாகிவிட்டது. ஆனால் கடைசியில் இருக்கும் 6 என்பது நீங்கள் கையால் அடித்த வெறும் எண். எக்செலுக்கு அது எந்த நெடுவரிசையோடும் ஒட்டியது இல்லை, அதனால் அதைத் தொடாது. ஐந்து நெடுவரிசை இருக்கும் இடத்தில் ஆறாவதைக் கேட்டால் #REF! வரும். உணவுப் படியின் ஃபார்முலாவோ ஐந்தாவதைக் கேட்கிறது. ஐந்தாவது இருக்கிறது, ஆனால் அது இப்போது வேறு சரக்கு. C-யில் இருக்கும் அடிப்படைச் சம்பளம் அழித்த இடத்துக்கு இடப்பக்கம் இருப்பதால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

எண்ணை வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். ஒரு தொழிலாளிக்கு அடிப்படை 1,430 வெள்ளி, உணவுப் படி 150, போக்குவரத்துப் படி 120, ஓவர்டைம் 12.5 மணி என்று வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் மனிதவள அமைச்சு சொல்லும் கணக்குப்படி ஒரு மணி நேர அடிப்படை ஊதியம் என்பது மாத அடிப்படையைப் பன்னிரண்டால் பெருக்கி, 52 பெருக்கல் 44-ஆல், அதாவது 2,288-ஆல் வகுப்பது. 1,430-க்கு அது 7.50 வெள்ளி. ஒன்றரை மடங்கு 11.25. பன்னிரண்டரை மணிக்கு 140.63. எல்லாம் சேர்த்துக் கையில் தர வேண்டியது 1,840.63. நீங்கள் 6-ஐ 5 ஆக்கி இழுத்தால் உணவுப் படி இருக்கும் இடத்திலும் 120 உட்கார்ந்துகொண்டு 1,810.63 வரும். பார்க்க முழுமையான சம்பளச் சீட்டாகத்தான் இருக்கும். எல்லாருக்கும் இதே படி என்றால் 43 பேருக்கு 1,290 வெள்ளி குறைந்துபோகும். முப்பது வெள்ளி குறைந்தது என்று கேட்க வருகிறவர்கள் சிலர். ஊருக்கு அனுப்பும் பணத்தில் அதைப் பிடித்துக்கொண்டு பேசாமல் போகிறவர்கள் பலர்.

சரி, மீட்கும் வழி. சேவ் செய்து மூடிவிட்டதால் `Ctrl+Z` இனி உதவாது. ஃபைல் ஒன்டிரைவிலோ ஷேர்பாயின்டிலோ இருந்தால் `File`, `Info`, `Version History` போய், அழிப்பதற்கு முந்தைய பதிப்பைத் திறந்து பாருங்கள். கம்ப்யூட்டரிலேயே இருக்கும் ஃபைல் என்றால் முதலில் அதை வேறு பெயரில் ஒரு காப்பி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இனி செய்வதையெல்லாம் காப்பியில் செய்யுங்கள்.

Master ஷீட்டில் இப்போது D-யாக இருக்கும் நெடுவரிசையின் தலையில் ரைட் கிளிக் செய்து `Insert` கொடுங்கள். காலியான ஒரு நெடுவரிசை உள்ளே வரும். அவ்வளவுதான். பாஸ்போர்ட் எண்களைத் திரும்ப அடிக்க வேண்டியதில்லை, காலியாகவே இருக்கட்டும். `A:E` என்று சுருங்கியிருந்தது, நடுவில் ஒன்று நுழைந்ததால் `A:F` என்று விரியும். ஆறாவது நெடுவரிசை திரும்பக் கிடைக்கும், #REF! மறையும். அதைவிட முக்கியம், தப்பான எண்ணைக் காட்டிக்கொண்டிருந்த உணவுப் படியும் அதே நொடியில் சரியாகும். 6-ஐ 5 ஆக்கிய செல்கள் ஏதாவது இருந்தால் அவற்றை மட்டும் திரும்ப 6 ஆக்க மறக்காதீர்கள்.

இந்த வைத்தியம் ஏன் பலிக்கிறது என்றால், அந்த VLOOKUP-இல் ஃபார்முலா உடையவில்லை. ஃபார்முலா பாரில் பாருங்கள், அதற்குள் #REF! என்ற எழுத்து எங்கும் இல்லை. விடை மட்டும்தான் #REF!. உங்கள் இரண்டாவது ஃபார்முலா அப்படி இல்லை. அதற்குள்ளேயே #REF! எழுதப்பட்டிருக்கிறது. `H2` என்ற முகவரி இருந்த இடத்தை எக்செல் அழித்து அந்த எழுத்தை வைத்துவிட்டது. அங்கே எத்தனை நெடுவரிசையை உள்ளே நுழைத்தாலும் திரும்ப வராது, கையால்தான் எழுத வேண்டும். அதனால் #REF! என்று எங்கே பார்த்தாலும் முதல் வேலை, செல்லில் தெரிவதை விட்டுவிட்டு ஃபார்முலா பாரைப் பார்ப்பது. இரண்டும் வேறு வேறு நோய்.

இரண்டாவதைச் சரிசெய்ய, மாத ஷீட்டில் முன்பணத்துக்கு H இடத்தில் ஒரு காலி நெடுவரிசையைத் திரும்ப நுழையுங்கள். கையில் தரும் தொகை I-க்கு நகரும். `I2`-வில் மட்டும் #REF! இருக்கும் இடத்தில் `H2` என்று எழுதுங்கள்:

```
=C2+D2+E2+G2-H2
```

பிறகு `I2`-வை 44-ஆம் வரிசை வரை இழுங்கள். `Ctrl+H` போட்டு #REF! எல்லாவற்றையும் `H2` என்று ஒரேயடியாக மாற்ற நினைக்காதீர்கள். அப்படிச் செய்தால் 43 பேருக்கும் இரண்டாவது வரிசை ஆளின் முன்பணமே கழியும். இந்த மாதம் எல்லாம் காலி என்பதால் தெரியாது, அடுத்த மாதம் ஒருவர் 200 வெள்ளி வாங்கியதும் வெடிக்கும். தேடுவதற்கு மட்டும் `Ctrl+F` நல்லது. `Options` திறந்து `Look in` என்பதில் `Formulas`, `Within` என்பதில் `Workbook` வைத்து #REF! என்று தேடினால், ஃபார்முலாவுக்குள் உடைந்தது எங்கெங்கே என்று எல்லா ஷீட்டிலும் காட்டிவிடும்.

நெடுவரிசையில் இருப்பதைத் தேர்ந்தெடுத்து கீபோர்டின் `Delete` பொத்தானை அழுத்துவதும், ரைட் கிளிக் செய்து மெனுவில் `Delete` கொடுப்பதும் ஒன்றில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பொத்தான் உள்ளே இருப்பதைத் துடைக்கும், வீடு அங்கேயே இருக்கும். காலி செல்லைக் கூட்டல் கழித்தலில் எக்செல் பூஜ்யமாக எடுத்துக்கொள்ளும். மெனு வீட்டையே இடிக்கிறது. முன்பணம் இல்லாத மாதத்தில் உங்களுக்கு வேண்டியது இரண்டும் இல்லை, `Hide`. கண்ணில் படாது, கணக்கில் இருக்கும்.

இதெல்லாம் முடிந்ததும் கையில் தரும் தொகையில் #REF! போய், சிலருக்குப் புதிதாக #VALUE! முளைக்கும். நாம் எதையோ கெடுத்துவிட்டோம் என்று பயந்துவிடாதீர்கள். அந்த ஃபார்முலா இடமிருந்து வலமாகக் கூட்டிக்கொண்டு போகும்போது முதலில் சந்திக்கும் பிழையைத்தான் காட்டும். மாத ஷீட்டில் போக்குவரத்துப் படியின் `E2`-வில் #REF! இருந்தவரை, அதற்கு அடுத்து ஓவர்டைம் பணத்தின் `G2`-வில் இருந்த #VALUE! மறைந்திருந்தது. இப்போது வெளியே வருகிறது. அப்படி வந்தால் முதல் பாதி சரியாக முடிந்தது என்று அர்த்தம்.

இனி மணி. G நெடுவரிசையில் உங்கள் ஃபார்முலா ஏறத்தாழ இப்படி இருக்கும்:

```
=ROUND(C2*12/(52*44)*1.5*F2,2)
```

மணியை ஒட்டிய `F2`-வில் எண்ணாகப் பார்க்க முடியாத எழுத்து இருந்தால் பெருக்கல் நடக்காது, #VALUE! வரும். “12.5 hrs”, “nil”, “-”, ஒரு ஸ்பேஸ் பட்டனை மட்டும் அழுத்தி வைத்த வெற்றிடம், இவையெல்லாம் எழுத்துதான். உண்மையிலேயே காலியான செல் பூஜ்யமாகும், ஸ்பேஸ் இருக்கும் செல் ஆகாது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத்தான் தெரியும். ஆக, #VALUE! வந்த வரிசைகளின் F செல்லை முதலில் கண்ணால் பாருங்கள். பாதிப் பேருக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

தெரியாத மீதிதான் ஆளைச் சுற்ற வைக்கும். செல்லில் 12.5 என்று சுத்தமாக இருக்கும், ஆனாலும் #VALUE! வரும். அப்போது பக்கத்தில் ஒரு காலி செல்லில் `=LEN(F7)` என்று போடுங்கள். 12.5 என்பதற்கு 4 வர வேண்டும். 5 வந்தால் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெப்பக்கத்திலிருந்து காப்பி செய்த எண்களில் அடிக்கடி வருவது 160 என்ற எண்ணுள்ள பிரியாத ஸ்பேஸ். சூப்பர்வைசர் ஆள்வருகைப் பதிவை வெப்பக்கத்தில் பார்த்து எக்செலில் ஒட்டி அனுப்புகிறார் என்றால் என் முதல் சந்தேகம் இதன் மேல்தான். `=UNICODE(RIGHT(F7))` என்று கேட்டால் 160 என்று சொல்லி உறுதிசெய்யும். நாம் தட்டும் சாதாரண ஸ்பேஸ் எண்ணுக்கு முன்னாலோ பின்னாலோ இருந்தால் எக்செல் பெரும்பாலும் பொறுத்துக்கொண்டு பெருக்கிவிடும். இந்த 160-ஐப் பொறுக்காது. `TRIM` போட்டும் போகவில்லை என்று பலர் கைவிடுவது இதனால்தான். `TRIM` சாதாரண ஸ்பேஸை மட்டுமே தொடும்.

ஷீட்டின் வலது ஓரத்தில், K நெடுவரிசையில் இப்படிப் போட்டு 44 வரை இழுங்கள்:

```
=VALUE(TRIM(SUBSTITUTE(F2,UNICHAR(160),"")))
```

“hrs” என்று ஒட்டியிருப்பவற்றை அதற்கு முன்பே F-ஐ மட்டும் தேர்ந்தெடுத்து `Ctrl+H`-இல் எடுத்துவிடுங்கள். `hrs` என்பதைத் தேடி, மாற்றும் பெட்டியைக் காலியாக விட்டால் போதும். இதன் பிறகும் K-யில் எங்கே #VALUE! மிஞ்சுகிறதோ, அந்தச் செல்களை எக்செல் தந்திரத்தால் சரிசெய்யக் கூடாது என்பது என் கட்டாயமான கருத்து. அவை “-”, “nil”, “MC”, “?”, வெறும் காலி போன்றவையாக இருக்கும். கோடு போட்டிருந்தால் ஓவர்டைம் இல்லை என்று அர்த்தமா, இல்லை சூப்பர்வைசருக்கு மணி இன்னும் தெரியவில்லை என்று அர்த்தமா? அது அவருக்குத்தான் தெரியும். ஐந்தாறு பெயரை எழுதிக்கொண்டு போன் போட்டுக் கேளுங்கள். பூஜ்யம் என்று அவர் சொன்ன பிறகு பூஜ்யம் போடுங்கள். K முழுக்க எண்ணானதும் அதைக் காப்பி செய்து, F-இன் மேல் `Paste Special`, `Values` என்று ஒட்டுங்கள். அதற்கு முன்பு F-இன் ஃபார்மட் `Text` என்று இருந்தால் `General` ஆக்கிவிடுங்கள். பிறகு K-யைத் துடைத்துவிடலாம்.

இங்கேயும் பிழை காட்டாமல் அமைதியாக இருக்கிற தப்பு உண்டு. 12.5 என்ற எண்ணே எழுத்தாக உட்கார்ந்திருக்கலாம், செல்லின் ஓரத்தில் சின்னப் பச்சை முக்கோணம் இருக்கும். பெருக்கும்போது எக்செல் அதை எண்ணாக மாற்றிக்கொள்வதால் அந்த ஆளின் தொகை சரியாக வரும். ஆனால் கீழே `=SUM(F2:F44)` என்று மொத்த மணி போட்டிருந்தால் `SUM` அந்தச் செல்லைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். சைட்டுக்கு எத்தனை மணி என்று முதலாளியிடம் தரும் எண் குறையும். மாதத்துக்கு 72 மணிக்கு மேல் ஓவர்டைம் போகிறதா என்று `=F2>72` மாதிரி ஒரு சோதனை வைத்திருந்தால் இன்னும் விசித்திரம். ஒப்பிடும்போது எக்செலுக்கு எந்த எழுத்தும் எந்த எண்ணையும்விடப் பெரியது. எழுத்தாக இருக்கும் 12.5-க்கும் `TRUE` வரும். எத்தனை செல் இப்படி இருக்கிறது என்று அறிய ஒரு வரி போதும்:

```
=COUNTA(F2:F44)-COUNT(F2:F44)
```

பூஜ்யம் வர வேண்டும். 3 வந்தால் மூன்று செல்லில் எண் என்ற வேடத்தில் எழுத்து இருக்கிறது.

இன்னொன்று, பன்னிரண்டரை மணியை யாராவது `12:30` என்று அடித்திருக்கலாம். எக்செல் அதை ஒரு நாளின் பங்காக, 0.5208 என்று வைத்துக்கொள்ளும். மேலே சொன்ன ஆளுக்கு 140.63-க்குப் பதில் 5.86 வெள்ளி வரும், பிழை எதுவும் வராது. F முழுவதையும் இரண்டு தசமத்தோடு `Number` ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள். 0.52, 1.10 என்று குட்டி எண்கள் எட்டிப் பார்த்தால் அவை நேரமாக அடிக்கப்பட்டவை. 24-ஆல் பெருக்கினால் மணியாகும். நிஜமாகவே அரை மணி ஓவர்டைம் செய்தவருக்கும் 0.50 வரும் என்பதால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் பெருக்கிவிடாதீர்கள்.

`IFERROR` போட்டு மூடிவிடலாமே என்று உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பார்கள், சொல்லாவிட்டால் இனி சொல்வார்கள். சம்பள ஷீட்டில் வேண்டாம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு துப்புரவு கான்ட்ராக்டரிடம் மாதக் கணக்கு பார்த்தேன். எனக்கு முன்பு இருந்தவர் எல்லா VLOOKUP-க்கும் `IFERROR` சுற்றி, பிழை வந்தால் 0 என்று வைத்திருந்தார். ஒரு நெடுவரிசை போனதில் கடைசிப் படி எல்லாருக்கும் பூஜ்யமானது. ஷீட் பளிச்சென்று இருந்தது, நானும் அப்படியே அச்சடித்தேன். மூன்றாவது மாதம் ஒரு பெரியவர் வந்தார். மூன்று சம்பளச் சீட்டையும் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மேசையில் விரித்து, வராத படியின் மேல் விரலை வைத்து, “இது என்ன தம்பி, எங்க போச்சு?” என்று கேட்டார். கோபமே இல்லை. அந்த மூன்று மாதப் பாக்கியை எல்லாருக்கும் கணக்குப் பார்த்துக் கொடுத்தோம். #REF! என்று வந்திருந்தால் முதல் மாதமே நின்றிருக்கும்.

அதனால் வெள்ளிக்கிழமைக்கு முன்பு ஒரே ஒரு சோதனையாவது செய்யுங்கள். Master ஷீட்டில் உணவுப் படியின் மொத்தத்தையும், மாத ஷீட்டில் உணவுப் படியின் மொத்தத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்லாருக்கும் 150 என்றால் இரண்டிலும் 6,450 வர வேண்டும். மாத ஷீட்டில் 5,160 வந்தால் போக்குவரத்துப் படி அங்கே குடியேறியிருக்கிறது. போக்குவரத்துக்கும் அடிப்படைக்கும் இதையே செய்யுங்கள். புதிதாகச் சேர்ந்தவர், பாதி மாதத்தில் போனவர் இருந்தால் மொத்தம் வித்தியாசப்படலாம், ஆனால் அந்த வித்தியாசத்தை ஆள் பெயர் சொல்லி உங்களால் விளக்க முடிய வேண்டும். போன மாத ஷீட்டோடும் ஒரு முறை ஒப்பிடுங்கள். படிகள் மாதாமாதம் மாறுவதில்லை.

சம்பளம் கொடுத்து முடித்த பிறகு, அடுத்த வாரம் நிதானமாக VLOOKUP-களை மாற்றிவிடுங்கள். உணவுப் படிக்கு இப்படி:

```
=INDEX(Master!E:E,MATCH($A2,Master!$A:$A,0))
```

இதில் கையால் எண்ணி அடித்த எண்ணே இல்லை. கடைசியில் இருக்கும் 0 “அச்சாகப் பொருந்த வேண்டும்” என்பதற்கு மட்டும். நாளைக்கு Master-இல் D-யை யாராவது அழித்தால் `E:E` தானாகவே `D:D` ஆகிச் சரியான படியையே கொண்டுவரும். உணவுப் படி நெடுவரிசையையே அழித்தால் மட்டும் #REF! வரும், அது வர வேண்டியதுதான். மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2021 இருந்தால் `XLOOKUP` இதையே சுருக்கமாகச் செய்யும். ஆனால் ஆபீஸில் ஒரே ஒரு கம்ப்யூட்டரில் 2016 அல்லது 2019 இருந்தாலும் அங்கே அந்த ஃபார்முலா வேலை செய்யாது. சின்ன ஆபீஸ்களில் பழையதும் புதியதும் கலந்துதான் இருக்கும் என்பதால் நான் இன்னும் `INDEX`, `MATCH` பக்கம்தான்.

இந்தச் சம்பள ஃபைலிலிருந்து எண் எடுக்கும் வேறு ஃபைல் ஏதாவது இருந்தால் அதையும் திறந்து பாருங்கள். நீங்கள் நெடுவரிசையை அழித்தபோது அந்த ஃபைல் மூடியிருந்தால், நடந்தது அதற்குத் தெரியாது. பழைய முகவரியிலேயே போய், அங்கே இப்போது இருப்பதை எடுத்துக்கொள்ளும். #REF! வராது. நெடுவரிசைகளைத் திரும்ப அதே இடத்தில் நுழைத்த பிறகு அது சரியாகிவிடும், ஆனால் நடுவில் யாராவது அதிலிருந்து அறிக்கை எடுத்திருந்தால் அந்த அறிக்கை தப்பு.

சம்பளத் தேதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கே சட்டப்படி சம்பளம், சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் போய்ச் சேர வேண்டும். ஓவர்டைம் பணத்துக்கு 14 நாட்கள் உண்டு. சூப்பர்வைசரிடமிருந்து ஐந்தாறு பேரின் மணி வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் அதற்காக எல்லாருடைய சம்பளத்தையும் நிறுத்த வேண்டாம். மணியை ஊகித்துப் போடவும் வேண்டாம். அடிப்படையும் படிகளும் வெள்ளிக்கிழமை போகட்டும். அந்த ஐந்தாறு பேரிடம் ஓவர்டைம் எந்தத் தேதி வரும் என்று நேரில் சொல்லிவிட்டு, அந்தத் தேதியைச் சம்பளச் சீட்டோடு எழுதியும் கொடுங்கள். மணியைக் கேட்டுப் பார்த்த பிறகும் ஏதாவது செல்லில் #VALUE! நின்றால், அந்த F செல்லில் இருப்பதையும் `LEN` காட்டும் எண்ணையும் இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன். தொழிலாளிகளின் பெயரும் பெர்மிட் எண்ணும் தெரிகிற ஸ்கிரீன்ஷாட் மட்டும் வேண்டாம்.